இண்டர்வியூ மூன்று முறை தள்ளிப் போனால்: டர்பனிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எச்.ஆர். வேலையில் பதினான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன். அதில் முதல் ஆறு வருடம் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியில், மீதி கம்பெனிகளுக்கு உள்ளே. இண்டர்வியூவைத் தள்ளிப் போடும் போனை நானே பல முறை செய்திருக்கிறேன். அதனால் கோவிலிலும் கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி கேட்பதையே இங்கே எழுதுகிறேன். இடையிடையே என் சித்தி மகளின் கதை வரும். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறாள், மொபெனியில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. பெயர் போட வேண்டாம் என்றாள். கம்பெனியின் பெயரை நானும் போடவில்லை.

மூணு தடவை தள்ளிப் போட்டுட்டாங்க. இப்ப நானா கேட்டா அவசரப்படுறேன்னு நினைப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள். முதல் முறை தள்ளிப் போனால் "சரிங்க, புதுத் தேதி எனக்கு ஒத்துவரும்" என்று ஒரு வரி போதும். இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவது முறைக்குப் பிறகும் அதே வரியை எழுதினால்தான் தப்பு. எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், இந்த ஆள் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று உங்கள் பெயருக்கு எதிரே எழுதாமலே எழுதியாகிவிடும். நாட்காட்டியில் இடம் போதாத நாளில் யாரை நகர்த்துவது என்ற கேள்வி வரும். சத்தம் போடாதவரைத்தான் நகர்த்துவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

அதனால் மூன்றாவதுக்குப் பிறகு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்க வேண்டும். அது புகாராகவும் இருக்கக் கூடாது, "ஏதாவது செய்தி உண்டா?" என்ற பிச்சையாகவும் இருக்கக் கூடாது. எப்படி எழுதுவது என்பதைக் கீழே காட்டுகிறேன். அதற்கு முன் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு வேலை குடுக்க இஷ்டம் இல்லாமத்தான் இப்படி இழுக்கிறாங்களா?

இஷ்டம் இல்லாதவரைத் தள்ளிப் போடுவதில்லை, ஒரேயடியாக விட்டுவிடுவார்கள். தள்ளிப் போடுகிறார்கள் என்றால் உங்கள் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் எந்த இடத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம். என் அனுபவத்தில் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். தள்ளிப் போடும் விதத்தை வைத்தே அவற்றை ஓரளவு பிரித்துவிடலாம்.

ஒன்று, மேனேஜரின் நாட்காட்டி. துறைமுகத்தை ஒட்டிய தொழில்களில் இது அதிகம். பலத்த காற்று அடித்தால் கிரேன் நிற்கும், கிரேன் நின்றால் கப்பல் தாமதம், கப்பல் தாமதமானால் ஆபரேஷன்ஸ் மேனேஜரை யாரும் நாற்காலியில் பார்க்க முடியாது. இந்த வகையில் காரணம் குறிப்பாக இருக்கும். புதுத் தேதி அதே செய்தியிலோ மறுநாளோ வந்துவிடும், இடைவெளியும் மூன்று நாலு நாள்தான் இருக்கும். நாட்காட்டி அழைப்பு ரத்தாகாது, அதே அழைப்பில் நேரம் மட்டும் மாறி வரும். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, நீங்கள் மாற்று ஆள். முதலில் பிடித்தவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் சம்பளம் பேசுவார், பழைய கம்பெனி அவரை நிறுத்திப் பார்க்கும். அவர் கையெழுத்துப் போடும்வரை உங்களை இண்டர்வியூ செய்வது வீண் வேலை, விட்டுவிடவும் பயம். அதனால் தேதி வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பத்து நாள் தள்ளி வரும். காரணம் "எதிர்பாராத சூழ்நிலை" என்பது போலப் பொத்தாம்பொதுவாக இருக்கும்.

மூன்றாவது, அந்த இடத்துக்கே இன்னும் அனுமதி இல்லை. விளம்பரம் போட்ட பிறகு நிதிப் பிரிவு கையெழுத்தை நிறுத்தி வைப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. இதில் புதுத் தேதியே இருக்காது. அழைப்பு ரத்தாகும், "திரும்பத் தொடர்புகொள்கிறோம்" என்று ஒரு வரி வரும். நமது ஊரில் "ஜஸ்ட் நவ்" என்றால் எப்போது என்று யாருக்கும் தெரியாதல்லவா, அந்த வரியும் அதே ரகம்.

இவை அடையாளங்கள்தான், சாட்சியம் அல்ல. முதல் காரணத்தில் தொடங்கி மூன்றாவதில் முடிந்தவையும் உண்டு. என் சித்தி மகளுக்கு நடந்ததே அப்படித்தான்.

உங்க சித்தி மகளுக்கு என்னதான் நடந்தது?

2025 மே மாதக் கடைசி. சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கிரெடிட்டர்ஸ் கன்ட்ரோலர் வேலைக்கு, அதாவது கம்பெனி மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தின் கணக்கைப் பார்க்கும் வேலைக்கு, விண்ணப்பித்திருந்தாள். மே 27, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்கு முதல் இண்டர்வியூ. ஒரு நாள் லீவு போட்டாள். ஹிகின்சன் ஹைவேயில் டாக்ஸியில் போய்க்கொண்டிருக்கும்போது 7:40க்கு வாட்ஸ்ஆப் வந்தது: மேனேஜர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார், மன்னிக்கவும். மறுநாளே புதுத் தேதி வந்தது, ஜூன் 5, வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு அதுவும் போயிற்று. ஜொகானஸ்பர்கிலிருந்து வர வேண்டியவர் வரவில்லையாம். அடுத்தது ஜூன் 17. ஜூன் 16 இளைஞர் தினம், திங்கட்கிழமை விடுமுறை. நீண்ட வார இறுதிக்கு மறுநாள் இண்டர்வியூ வைத்தபோதே எனக்குச் சந்தேகம். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு நாட்காட்டி அழைப்பு ரத்தாகி வந்தது. காரணம் இல்லை, புதுத் தேதியும் இல்லை.

மூன்று செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் காரணம் குறிப்பாக இருக்கிறது, தேதி உடனே வந்தது. மூன்றாவதில் இரண்டும் இல்லை. நடுவில் எங்கோ விஷயம் மாறிவிட்டது.

அன்று இரவு எட்டு மணிக்கு அவள் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். எச்.ஆர். பெண்ணுக்கு அனுப்பத் தட்டி வைத்திருந்த வாட்ஸ்ஆப் செய்தி. "என் நேரத்துக்கு மதிப்பே இல்லையா" என்று தொடங்கி பதினொரு வரி. அனுப்பாதே என்றேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிப்பவர் நாட்காட்டியை நகர்த்தும் சின்ன உத்தியோகஸ்தர். முடிவு எடுப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

சரி, கடிதத்தில என்ன எழுதணும்? அப்படியே ஒண்ணு காட்டுங்க.

புதுத் தேதி இல்லாமல் ரத்தானால் இரண்டு வேலை நாள் பொறுங்கள். சில சமயம் அதற்குள் தேதி வந்துவிடும். அவள் விடுமுறை தாண்டி ஜூன் 18, புதன்கிழமை காலை மின்னஞ்சல் அனுப்பினாள். வாட்ஸ்ஆப்பில் வந்த ரத்துக்கும் பதில் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். வாட்ஸ்ஆப் செய்தியை யாரும் மேனேஜருக்கு அனுப்புவதில்லை, மின்னஞ்சலை அனுப்புவார்கள். மூன்று தேதிகளும் இருந்த பழைய மின்னஞ்சலுக்கே பதில் போட்டாள், வரலாறு கீழேயே தொங்கட்டும் என்று. அவள் எழுதியது ஆங்கிலத்தில், விஷயம் இது:

"வணக்கம். கிரெடிட்டர்ஸ் கன்ட்ரோலர் வேலைக்கான என் இண்டர்வியூ மே 27, ஜூன் 5, ஜூன் 17 ஆகிய தேதிகளில் வைக்கப்பட்டுத் தள்ளிப் போனது. இந்த வேலையில் எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது.

அடுத்த தேதி குறிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தை நிரப்ப அனுமதி இருக்கிறதா, ஜூலை முதல் வாரத்துக்குள் இண்டர்வியூ நடத்த எண்ணம் உண்டா?

உண்டு என்றால், ஜூன் 24 முதல் ஜூலை 4 வரை எந்த வேலை நாளிலும் காலை 7:30க்கோ மாலை 4:45க்கோ டீம்ஸில் வர முடியும். நேரில் வர வேண்டுமானால் மூன்று வேலை நாள் முன்கூட்டித் தெரிய வேண்டும். ஜூன் 25, புதன்கிழமைக்குள் ஒரு வரி பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்."

அவ்வளவுதான். இதில் எது இல்லை என்று பாருங்கள். வீணாய்ப் போன லீவு இல்லை, டாக்ஸிக் காசு இல்லை, "ஏமாற்றம்" என்ற சொல் இல்லை. மூன்று தேதிகளையும் வரிசையாக எழுதியதே போதும், படிப்பவர் முகம் தானாகச் சுருங்கும். குற்றம் சாட்டினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் எழுதுவார், உங்களுக்குத் தேவையான தகவல் அதில் இருக்காது.

உயிர் இருப்பது இரண்டாவது பத்தியில். "எப்போது இண்டர்வியூ?" என்று கேட்டால் இன்னொரு பொய்த் தேதி வரும். "அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டால் எச்.ஆர். ஆள் உள்ளே போய் யாரையாவது விசாரித்தாக வேண்டும். அனுமதி இல்லாத இடத்துக்கு இருக்கிறது என்று எழுத்தில் கொடுக்க எங்களுக்குக் கை வராது. பதில் வழவழவென்று வந்தால் அதுவும் பதில்தான்.

நேரங்களைக் கவனியுங்கள். வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் கொடுத்திருக்கிறாள். இனி தள்ளிப் போனாலும் அவளுக்கு ஒரு லீவு நாள் போகாது. மூன்றாவதுக்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கடிதம் போட்டாச்சு. பதிலே இல்லை. எத்தனை நாள் காத்திருக்கிறது?

கடிதத்தில் நீங்களே ஒரு நாள் குறித்திருப்பீர்கள், அது வரைக்கும். ஐந்து வேலை நாள் நியாயமான அவகாசம். அதற்கு மறுநாள் போன் செய்யுங்கள். இன்னொரு மின்னஞ்சல் வேண்டாம், முதலாவதைப் படிக்காதவர் இரண்டாவதையும் படிக்க மாட்டார்.

எச்.ஆர். ஆளின் செல்பேசிக்கு அடிக்காமல் கம்பெனியின் பொது எண்ணுக்கு அடியுங்கள். ரிசப்ஷனில் அந்தப் பிரிவின் அட்மின் யாரோ அவரிடம் இணைக்கச் சொல்லுங்கள். மேனேஜரின் நாள் எப்படிப் போகிறது என்று உண்மையில் தெரிந்தவர் அவர்தான். சித்தி மகள் ஜூன் 26 காலை பத்து மணிக்கு அடித்தாள். காலைக் கூட்டம் முடிந்திருக்கும், சாப்பாட்டு நேரம் வந்திருக்காது. அட்மின் அம்மா இரண்டு விஷயம் சொன்னார். எச்.ஆர். பெண் விடுப்பில் போய் ஒரு வாரமாகிறது, அவருடைய மின்னஞ்சல் பெட்டியை யாரும் திறக்கவில்லை. இரண்டாவது, அந்த வேலையைப் பற்றி "மேலே ஏதோ பேச்சு நடக்கிறது". கடிதத்தை மேனேஜருக்கே அனுப்பச் சொல்லி முகவரியும் கொடுத்தார். அன்று மாலையே மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: ஜூலை 2, புதன், மாலை 4:45, டீம்ஸ்.

போனும் பலிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். "என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதத் தேவையில்லை, கதவைச் சாத்தாமலே திரும்பி வந்துவிடலாம். இதெல்லாம் நவம்பர் கடைசியில் நடந்தால் மட்டும் கணக்கு வேறு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை இங்கே பாதித் தொழில் மூடிக் கிடக்கும். அப்போது ஜனவரி இரண்டாவது வாரம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுப் போறேன். பரவாயில்லையா?

வேண்டாம். நம் வேலைச் சட்டத்தில் இண்டர்வியூவுக்கென்று லீவு கிடையாது. குடும்பப் பொறுப்பு லீவும் இதற்கு உதவாது. மிஞ்சியது வருட லீவுதான், அது தொடர்ந்து 21 நாள், வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 15 வேலை நாள். அதில் மூன்றை நடக்காத இண்டர்வியூவுக்குக் கொடுப்பது வயிற்றெரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நோய் லீவில் ஒரு கண்ணி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலும், எட்டு வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டாலும், டாக்டர் சான்றிதழ் தராமல் அந்த நாளுக்குச் சம்பளம் கேட்க முடியாது. மூன்று முறை தள்ளிப் போகும் இண்டர்வியூ சரியாக எட்டு வாரத்துக்குள்தான் விழும். மூன்றாவது முறை சான்றிதழுக்கு எங்கே போவீர்கள்? பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பிடிபட்டால் அது நேர்மையின்மை, இருக்கிற வேலையே போகும். அப்படி ஒருவரை வெளியே அனுப்பிய விசாரணையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். அவர் போன இண்டர்வியூவும் கடைசியில் நடக்கவில்லை.

லீவைக் காப்பாற்ற எளிய வழி ஒன்று உண்டு. இண்டர்வியூவுக்கு முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்கு "நாளை ஒன்பதரை உறுதிதானே?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். காலையில் அனுப்பினால் அவர்களுக்கே தெரிந்திருக்காது, மாலையில் அனுப்பினால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தள்ளிப் போடும் எண்ணம் இருந்தால் அந்தச் செய்திக்கு வரும் பதிலில் வெளியே வந்துவிடும். அரை நாள் லீவு போதுமென்றால் அரை நாளே கேளுங்கள்.

ஏஜென்சி மூலமாப் போனேன். நேரா கம்பெனிக்கே போன் பண்ணலாமா?

செய்யாதீர்கள். ஏஜென்சிக்குக் காசு கொடுப்பது கம்பெனி, அதுவும் நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகு. நீங்கள் நேராகப் போனால் யார் மூலம் வந்தவர் என்று இரண்டு பேருக்கும் தகராறு வரும். அந்தத் தகராறுக்குப் பயந்தே சில கம்பெனிகள் ஆளை விட்டுவிடும்.

ஏஜெண்ட் "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்றுதான் சொல்வார். நீங்கள் காத்திருப்பதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அதனால் அவரிடம் தேதியைக் கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "இந்த வேலைக்கு நீங்க அனுப்பின மத்தவங்களுக்கும் தள்ளிப் போச்சா, எனக்கு மட்டுமா?" எல்லோருக்கும் போயிருந்தால் மேனேஜரோ அனுமதியோ பிரச்சினை. மற்றவர்களுக்கு இண்டர்வியூ நடந்து உங்களுக்கு மட்டும் நகர்ந்தால் நீங்கள் மாற்று ஆள். ஏஜென்சியில் இருந்தபோது இதை என்னிடம் கேட்டவர்கள் ஆறு வருடத்தில் இரண்டு பேர். இருவருக்கும் நான் பொய் சொல்லவில்லை.

நாலாவது தடவை வச்ச தேதி தைப்பூசக் காவடி அன்னிக்கு. நான் காவடி எடுக்கிறேன். இப்ப நான் மாத்தச் சொன்னா வாய்ப்பு போயிருமா?

போகாது. மூன்று முறை அவர்கள் மாற்றியிருக்கிறார்கள், நீங்கள் ஒரு முறை கேட்பதை யாரும் குறையாக எண்ண மாட்டார்கள். அது பொது விடுமுறை இல்லாததால் தேதி வைத்தவருக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். தேதி வந்த அன்றே எழுதுங்கள்: அன்று எனக்குச் சமய விரதம், அதற்கு முந்தின நாளோ பிந்தின நாளோ வருகிறேன். "சொந்தக் காரணம்" என்று மழுப்ப வேண்டாம். இரண்டு மாற்று நேரம் கூடவே கொடுத்துவிடுங்கள்.

வேற இடத்துல வேலை கிடைச்சிருச்சு, ஆனா இதுதான் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லி அவசரப்படுத்தலாமா?

உண்மையாக இருந்தால் மட்டும். கையில் ஆஃபர் கடிதம் இல்லாமல் சொன்னால் "வாழ்த்துகள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அதற்குமேல் பேச்சே இருக்காது.

சொல்லும்போது கம்பெனியின் பெயரும் சம்பளமும் வேண்டாம், நாள் மட்டும் போதும்: "இன்னொரு இடத்துக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும், அதற்குள் பேச முடிந்தால் நல்லது." அந்த நாள் தாண்டினால் மற்றதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகும் நோட்டீஸ் காலம் இருக்கிறது. இப்போதைய இடத்தில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் நான்கு வாரம், ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடத்துக்குள் என்றால் இரண்டு வாரம், ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு வாரம். உங்கள் ஒப்பந்தத்தில் இதைவிட நீளமாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி அலைக்கழிச்சதுக்கு சிசிஎம்ஏவில் புகார் குடுக்க முடியுமா?

சிசிஎம்ஏ என்பது வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு, ஆனால் தள்ளிப் போட்டதற்காக மட்டும் என்றால் அங்கே ஒன்றும் நடக்காது. இண்டர்வியூ என்பது வேலை தருவதாகச் சொன்ன வாக்கு அல்ல.

பாகுபாடு என்றால் கதை வேறு. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் விண்ணப்பதாரரையும் காக்கிறது. நீங்கள் கர்ப்பிணி என்று தெரிந்த பிறகுதான் தேதிகள் நகரத் தொடங்கின, அல்லது மதத்தைப் பற்றி ஏதாவது எழுதினார்கள் என்றால் அந்தச் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். சிசிஎம்ஏவுக்குக் கொண்டுபோக ஆறு மாத அவகாசம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த தள்ளிப்போடல்களில் பெரும்பாலானவை வெறும் ஒழுங்கின்மை. ஒழுங்கின்மைக்கு வழக்கு கிடையாது.

நாலு தடவை தள்ளிட்டு, இப்ப ட்ரெய்னிங் கட்டணம் கட்டினா நேரா வேலைன்னு சொல்றாங்க.

கட்டாதீர்கள். 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டப்படி வேலை தேடுபவரிடம் வேலை பிடித்துக் கொடுக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை, சீருடை, ட்ரெய்னிங் என்று பெயரை மாற்றிக் கேட்பதும் அதே வித்தைதான். நீங்கள் ஏற்கெனவே நாலு வாரம் காத்திருந்ததால் விட மனசு வராது என்று கணக்குப் போட்டுத்தான் அவர்கள் தள்ளுகிறார்கள்.

கடைசியா இண்டர்வியூ நடக்கப் போகுது. தள்ளிப் போட்டதைப் பத்தி அங்க பேசலாமா?

நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், "பரவாயில்லை, இன்று சந்தித்ததே சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்று வரும்போது ஒன்று கேட்கலாம்: "மே மாதத்திலிருந்து இன்று வரை இந்த வேலையில் ஏதாவது மாறியிருக்கிறதா?" இதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். ஆறு வாரத்தில் வேலை மாறியிருக்கும், சம்பளம் மாறியிருக்கும், மேனேஜரே மாறியிருக்கலாம். விளம்பரத்தின் நகல் உங்களிடம் மட்டும்தான் பழையபடி இருக்கும்.

இன்னொன்று. அறையில் புது ஆள் ஒருவர் இருப்பார், உங்கள் சி.வி.யை அப்போதுதான் புரட்டுவார். அதனால் உங்களைப் பற்றி ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துப் பாதியில் தொடங்காதீர்கள். உங்களுக்காகப் பேசச் சம்மதித்த பழைய மேலதிகாரிகளுக்கும் புதுத் தேதியைச் சொல்லிவையுங்கள். மே மாதத்தில் தயாராக இருந்தவர் ஜூலையில் ஊரில் இல்லாமல் போகலாம்.

அப்புறம் அந்த அக்காவுக்கு வேலை கிடைச்சுதா?

ஜூலை 2 மாலை நாலரைக்கு வேலை முடிந்ததும் மொபெனியில் தொழிற்சாலை வண்டி நிறுத்தும் இடத்தில், சிநேகிதியின் காருக்குள் உட்கார்ந்து இண்டர்வியூ கொடுத்தாள். போனை டாஷ்போர்டில் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். பின்னால் ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதியது, மேனேஜர் சிரித்துவிட்டார். நாற்பது நிமிடம் நன்றாகப் போனது.

கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மேனேஜர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: ஜூன் இரண்டாவது வாரத்தில் தலைமை அலுவலகம் நிரந்தர இடங்களை நிறுத்திவிட்டது, இப்போது ஆறு மாத ஒப்பந்தமாகத்தான் தர முடியும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காரணமில்லாமல் வந்த அந்த ரத்து இதுதான்.

அடுத்த வாரம் ஆஃபர் வந்தது. சம்பளம் இப்போதையதைவிடக் கொஞ்சம் அதிகம், மருத்துவ உதவித் திட்டம் இல்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்று எழுத்தில் ஒன்றும் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், கடன். ஒரு இரவு யோசித்துவிட்டு வேண்டாம் என்று எழுதினாள், ஆனால் நிரந்தர இடம் திறந்தால் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேர்த்தாள். மொபெனியில்தான் இருக்கிறாள். வீணாய்ப் போன லீவு நாள் கடைசிவரை ஒன்றோடு நின்றது. ஜூன் 5க்கும் 17க்கும் போட்ட லீவை முன்னாலேயே ரத்து செய்து திரும்ப வாங்கிவிட்டாளே.